பதினொன்றாவது விடைத்தாளின் ஓரம்

ஆஷா கொண்டுவந்த ஜெராக்ஸில் எல்லாமே கறுப்பாக இருந்தது. அவள் நீல மையில் எழுதியது, மதிப்பிட்டவர் சிவப்பு மையில் திருத்தியது, ஸ்டேப்ளர் முள்ளின் நிழல், இயந்திரக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தூசி, எல்லாம் ஒரே கறுப்பு. அந்த ஒரு காரணத்தால் நான் ஏழு நாள் குழம்பிப்போயிருந்தேன்.

பல்லடம் சாலையில் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். என் கணவர் தீனதயாளனும் அதே பாடம்தான், வேறு கல்லூரி. மே மாதம் எங்கள் கல்லூரியில் விடைத்தாள் மதிப்பீடு நடந்தபோது வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர்களில் அவரும் ஒருவர். மூன்றாம் நாள் பிற்பகல், நெஞ்சு என்னவோ மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். மங்கலம் போகும் வழியில் ஒரு தறிக்கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருக்கிறார். தறி ஓட்டுகிறவர்கள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு நாற்பத்தாறு வயது.

நாற்பது நாள் கழித்து நான் கல்லூரிக்குத் திரும்பினேன். இரண்டாம் நாளே ஆஷா வந்து துறை அறை வாசலில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் ஜெராக்ஸ். பி.எஸ்சி. கடைசி வருடம் முடித்தவள். அல்காரிதம் பாடம் அவளுக்கு நான்தான் எடுத்தேன்.

"உள்ள வா கண்ணு. உட்காரு."

"பரவால்ல மேம், நிக்கேன்." அவள் அப்பா சகாயராஜ் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தாலும் அவள் பேச்சில் அப்பாவின் ஊர் வந்துபோகும். "உங்க வீட்டு விஷயம் கேள்விப்பட்டேன் மேம். இந்த நேரத்துல வந்து கேக்கக்கூடாதுதான்."

"என்ன, சொல்லு."

"எழுபத்தஞ்சுக்கு இருபத்தேழு மேம். முப்பது இருந்தாப் பாசு. மத்ததெல்லாம் பாஸாயிட்டேன். கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனில எடுத்திருக்காங்க. ஜூலை ஒண்ணாந்தேதி சேரும்போது அரியர் இருக்கக் கூடாதாம். ஒண்ணு இருந்தாலும் சேத்துக்க மாட்டாங்களாம்."

"சேர முடியலைன்னா?"

"பனியன் கம்பெனி செக்கிங் டேபிளுதான்." சிரிக்க முயன்றாள். "இப்பவே பாதி ஷிப்டு அங்கதான மேம் நிக்கேன். முழு ஷிப்டா வந்துருன்னு சூப்பர்வைசர் அக்கா எப்பவோ சொல்லிட்டாங்க."

எங்கள் கல்லூரியில் தோற்ற மாணவர் விடைத்தாளின் நகலை வாங்கலாம். அதைப் பாட ஆசிரியர் ஒருவர் முழுவதும் படித்து, தான் எவ்வளவு போடுவேன், ஏன் போடுவேன் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அப்படி எழுதினால்தான் தாள் மறுமதிப்பீட்டுக்குப் போகும். கடைசி நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

நகலை வாங்கிப் படித்தேன். மதிப்பெண் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு மதிப்பெண் கேள்விகளில் கூட்டிக் கொடுக்க ஒன்றும் இல்லை. பதினேழாவது கேள்விக்கு வந்தேன். ஒரு பட்டியலை வரிசைப்படுத்தும் மெர்ஜ் சார்ட் அல்காரிதத்தை எழுதி, அது எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிடுக, பத்து மதிப்பெண். அல்காரிதத்துக்கு ஐந்து, கணக்குக்கு ஐந்து. அவளுக்கு அல்காரிதத்தில் இரண்டு, கணக்கில் சைபர்.

விடைக்குறிப்பு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அது எல்லா வருடமும் ஒன்றுதான். பட்டியலை இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு பாதியையும் அதே முறையில் வரிசைப்படுத்த வேண்டும். வரிசையான இரண்டு பாதிகளிலும் முதலில் இருப்பதை ஒப்பிட்டு, சிறியதை எடுத்துத் தனியாக மூன்றாவது ஓர் இடத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். பட்டியலில் n பொருள் இருந்தால் சேர்க்கும் வேலை n. ஆகவே T(n) = 2T(n/2) + n. பெரிய வேலையின் நேரத்தை அதே வேலையின் சிறிய வடிவத்தின் நேரத்தால் எழுதுகிற இந்த வரியை நாங்கள் ரெக்கரன்ஸ் என்போம். இதற்கு விடை n log n.

ஆஷாவின் கடைசி வரி O(n²) என்றது, அதாவது n log n-ஐவிட வெகு அதிகம். கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தாள்.

"இது தப்பாச்சே ஆஷா. மெர்ஜ் சார்ட்டுக்கு யாராவது n² போடுவாங்களா? கடைசி பெஞ்சுகூட n log n-னு சொல்லும்."

"மேல இருந்து படிங்க மேம்."

"படிச்சேன்."

"இல்ல மேம். விடையப் பாத்துட்டு மேல போனீங்க. மேல இருந்து விடைக்கு வாங்க."

அவள் சொன்னது உண்மை. நூற்றுக்கணக்கில் தாள் திருத்துகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் அது. மறுபடி மேலிருந்து படித்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: இரண்டு பாதிகளும் வரிசையில் இருக்கின்றன. வலது பாதியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இடது பாதியில் அதற்குரிய இடத்தில் செருகு. செருக இடம் வேண்டும் என்பதால் அதைவிடப் பெரியவற்றை ஒவ்வொரு இடமாக நகர்த்து. மிக மோசமான நிலையில், வலது பாதியில் இருக்கும் n/2 பொருள்களில் ஒவ்வொன்றுக்கும் இடது பாதியில் இருக்கும் n/2 பொருள்களும் நகர வேண்டும். ஆகவே சேர்க்கும் வேலை n²/4. அடுத்த படியில் இரண்டு பாதிகளுக்கும் சேர்த்து அதில் பாதி. அதற்கடுத்த படியில் அதில் பாதி. எல்லாம் கூட்டினாலும் முதல் படியைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது. ஆகவே O(n²).

அந்த வரிகளை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"எதுக்கு செருகினே? மூணாவதா ஒரு அடுக்கு வெக்க வேண்டியதுதான?"

"எங்க மேம் வெக்க?" என்றாள். "கட்டிங்ல இருந்து வர்ற பீஸ்ல நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்லா? ஒண்ணாம் நம்பர் முன்பக்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் கைதான் சேக்கணும், மாத்திச் சேத்தா ஷேடு வேற ஆயிரும். நம்பர் கலைஞ்சு போச்சுன்னா ரெண்டு பேரு ஆளுக்குப் பாதிய அடுக்குவோம். அடுக்கிட்டு, என் அடுக்குல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து அவ அடுக்குல செருகுவோம். டேபிள்ல மூணாவது அடுக்குக்கு இடமே கிடையாது. கிளாஸ்ல உங்ககிட்டக் கேட்டேனே."

"என்ன கேட்டே?"

"மூணாவது எடம் இல்லைன்னா என்ன செய்யன்னு. அப்ப வேலை கூடும், எவ்வளவு கூடும்னு நீயே யோசிச்சுப் பாருன்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். எனக்கு நினைவில்லை. மணி அடிக்கப் போகிற நேரத்தில் வாத்தியார்கள் சொல்கிற வாக்கியம் அது.

அப்போதுதான் ஓரத்தைப் பார்த்தேன். தாளின் இடது பக்கம் கோடு போட்டு விட்டிருக்கும் மார்ஜினில், n²/4 என்ற வரிக்கு நேராக, சின்ன எழுத்தில் இருந்தது:

T(n) = 2T(n/2) + n²/4

அதற்குக் கீழே: 8 → 16 + 8 + 4 = 28.

எட்டை என் கணவர் இரண்டு வட்டங்களாகப் போடுவார், ஒன்றின் மேல் ஒன்று, இடையில் மயிரிழை இடைவெளியோடு. இருபது வருடம் கேஸ் புத்தகத்திலும், பால் கணக்கிலும், சுவர் நாட்காட்டியிலும் நான் பார்த்த எட்டு.  தாளை மேஜையில் வைத்து அவள் பக்கம் திருப்பினேன்.

"இது நீ எழுதுனதா?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "ஆமா மேம். நாந்தான்."

"நீதானா?"

"ஆமா மேம்."

அப்படியானால் என் கண்தான் தப்பு. அந்த நாற்பது நாளில் என் கண் அடிக்கடி தப்பு செய்திருந்தது. பழைய ஸ்ப்ளெண்டர் வண்டியின் சத்தம் தெருமுனையில் கேட்டால் எழுந்து கேட்டைத் திறக்கப் போயிருக்கிறேன். ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் முன்னால் நின்ற ஒருவரின் பின்கழுத்தைப் பார்த்துக் கூப்பிடவே வாயெடுத்தேன். ஆகவே எட்டு விஷயத்திலும் என்னை நம்ப முடியவில்லை. அவளுடைய மற்ற எட்டுகளைத் தேடினேன். எட்டாவது கேள்வியின் எண்ணை ஒரே இழுப்பில் வளைத்திருந்தாள். பன்னிரண்டாவது கேள்வியின் எடுத்துக்காட்டில் இரண்டு வட்டமாகப் போட்டிருந்தாள். இரண்டு விதமும் இருந்தது.

தாளை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அன்று மதியம் அந்த ஓரத்துக் கணக்கைச் சரிபார்த்தேன். எட்டுப் பொருள் என்றால் கடைசிச் சேர்ப்பில் நான்குக்கு நான்கு, பதினாறு நகர்த்தல். அதற்கு முந்தைய படியில் இரண்டு சேர்ப்பு, ஒவ்வொன்றிலும் இரண்டுக்கு இரண்டு, எட்டு. அதற்கும் முந்தையதில் நான்கு சேர்ப்பு, ஒவ்வொன்றிலும் ஒன்று, நான்கு. மொத்தம் இருபத்தெட்டு. எட்டுப் பொருள் முழுக்கத் தலைகீழ் வரிசையில் இருந்தால் இடம் மாறியிருக்கும் ஜோடிகள் எட்டு ஏழு ஐம்பத்தாறில் பாதி, அதுவும் இருபத்தெட்டு. அச்சாகப் பொருந்துகிறது. பக்கத்துப் பக்கத்து இடத்தில் நகர்த்தி வரிசைப்படுத்தினால் அதற்குக் குறைந்து முடியாது. பிரித்துச் செய்ததால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் லாபம் இல்லை என்பதை அவள் சரியாகக் கணக்கிட்டிருந்தாள்.

அப்படியானால் சைபர் எப்படி?

யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியது. ஓரத்தில் எழுதியது ஆஷா என்றால், மதிப்பிட்டவர் அதைப் பார்க்காமல் விட்டது விதிப்படி சரி. ஓரத்தில் எழுதுவது மதிப்பிடப்படாது என்று விடைத்தாளின் முகப்பிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எழுதியது என் கணவர் என்றால், அவர் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார், இருபத்தெட்டு வரைக்கும் போயிருக்கிறார், அவள் எழுதியது சரி என்று தெரிந்திருக்கிறது, தெரிந்தும் சைபர் போட்டிருக்கிறார். அவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அரை மதிப்பெண்ணுக்காக என்னோடு சாப்பாட்டு மேஜையில் சண்டை போட்டவர். ஆனால் அது அவர் திருத்திய தாள்தானா என்பதே எனக்குத் தெரியாதே. முகப்பில் மதிப்பிட்டவர் கையெழுத்து இருக்கும் இடத்தைக் காகிதம் ஒட்டி மறைத்துத்தான் நகல் எடுப்பார்கள்.

எதை வேண்டினேன் என்று இப்போது கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. அந்த எட்டு அவருடையதாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இருக்கக் கூடாது என்றும் நினைத்தேன்.

வீட்டில் நாங்கள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து தாள் திருத்துவோம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விடைக்குறிப்போடு ஒத்துப்போகாத விடை, ஆனால் தப்பு என்றும் உறுதியாகச் சொல்ல முடியாத விடை வந்தால், விடைக்குறிப்புப்படி வரும் மதிப்பெண்ணை முதலில் போட்டுவிடுவார். ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். மேலே போய்விடுவார். டீ குடித்துவிட்டு வந்து, புள்ளி வைத்த தாள்களை மட்டும் எடுத்து மறுபடி படிப்பார். முடிவு செய்ததும் புள்ளியைச் சின்னக் கோடு போட்டு அடிப்பார். "சூட்டோட முடிவெடுத்தா ஒண்ணு கோபத்துல கொறைப்போம், இல்ல பாவம் பாத்துக் கூட்டிப்போடுவோம், கலை" என்பார். நான் கேலி செய்வேன். உங்க மார்க்கெல்லாம் டீத்தூள்ல இருக்குதுங்க என்பேன்.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. அந்த மேஜையில் நகலை வைத்துக்கொண்டு புள்ளியைத் தேடினேன். அந்தப் பக்கத்தில் பதினாறு புள்ளி இருந்தது. ஜெராக்ஸ் கண்ணாடியின் தூசி. பேனா முனை பட்டது. ஈ உட்கார்ந்தது. எதுவாகவும் இருக்கலாம்.

 பிறகு ஒன்று தோன்றியது. கண்ணாடியில் இருக்கிற தூசி ஒரு பக்கத்தில் மட்டும் விழாது. எல்லாப் பக்கத்திலும் அதே இடத்தில்தான் விழும். பதினேழாவது கேள்வியின் பக்கத்தையும் அதற்கடுத்த பக்கத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்துக்குக் காட்டினேன். புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன. பதினைந்து. இன்னொரு பக்கத்தை வைத்துப் பார்த்தேன். அதே பதினைந்து. பதினாறாவது மட்டும் தனியாக நின்றது. அது ரெக்கரன்ஸுக்கு இடது பக்கம், தாளின் விளிம்பை ஒட்டி இருந்தது. அதன் மேல் கோடு இல்லை.

அதுவும் ஆஷாவின் பேனா முனையாக இருக்கலாம். ஆனால் அசலைப் பார்க்காமல் நான் படிவத்தில் எதுவும் எழுதப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை ஆஷாவைத் தேர்வு அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். சகாயராஜ் அரை ஷிப்டு விட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைத் தோளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வணக்கம் டீச்சர். மூணு மார்க்குக்கு இம்புட்டு அலைச்சலா? எங்க கம்பெனில மூணு பீஸ் கொறஞ்சா இன்னொரு பண்டல்ல இருந்து உருவிக் குடுத்துட்டுப் போயிருவோம்."

"அப்பா, சும்மா இருங்கப்பா."

"இல்ல, கேக்கேன். இவ சொல்லுதது சரியா தப்பான்னு ஒரு வார்த்தைல சொல்லுங்களேன்."

"அவ எழுதுனது சரிதாங்க. கேட்ட கேள்விக்கான பதில்தானாங்கிறதுலதான் பிரச்சனை" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். "வீட்லயும் இப்படித்தான் டீச்சர். உப்பு எங்கன்னு கேட்டா மொளகாய் இருக்க எடத்தச் சரியாச் சொல்லுவா."

நான் உள்ளே போகத் திரும்பியபோது ஆஷா என் பின்னால் வந்து, அப்பாவுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"மேம். ஓரத்துல இருந்தது நான் எழுதல."

நான் நின்றேன்.

"அன்னிக்கு நீங்க கேட்டதும் பயந்துட்டேன். திருத்துனவங்க எழுதுனதுன்னா, என்னோடது தப்புன்னு காட்டத்தான் எழுதியிருப்பாங்கன்னு நெனச்சேன். நான் எழுதுனதுன்னு சொன்னா மார்க்கு கெடைக்கும்னு தோணுச்சு. அப்புறம் வீட்டுக்குப் போயி யோசிச்சா எனக்கே சந்தேகமாயிருச்சு மேம், ஒருவேளை நாந்தான் எழுதுனேனோன்னு. ஆனா எட்டு பீஸ்னு வெச்சு நான் கணக்குப் போட்டுப் பாக்கவே இல்ல. அது நல்லாத் தெரியும்."

"சரி, அங்க உட்காரு" என்றேன். கோபம் வந்ததா என்று நினைவில்லை. 

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் குருசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்பது நாளும் எங்கள் வீட்டுப் பக்கம் வர முடியாததற்கு வருத்தம் சொன்னார். அசல் தாளைப் பார்க்க வேண்டும் என்றேன். படிவத்தைப் புரட்டினார், வைத்தார், மறுபடி புரட்டினார்.

"ஏனுங்க மேடம், இதுல ஒரு சங்கடம் இருக்குதுங்க. இந்தத் தாள யாரு திருத்துனாங்கன்னு நான் சொல்லக்கூடாது."

"நீங்க சொல்ல வேண்டாங்க. எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

"தெரிஞ்சுதுன்னா நீங்க கையெழுத்துப் போடலாமாங்கறதுதாங்க சங்கடம்." விதிப்புத்தகத்தை எடுத்து விரலால் வரி வரியாகத் தேடினார். "மாணவருக்குச் சொந்தக்காரங்க போடக்கூடாதுன்னு இருக்குதுங்க. திருத்துனவருக்குச் சொந்தக்காரங்க பத்தி ஒண்ணுமே இல்லீங்களே. யாரும் இப்புடி வரும்னு நெனச்சிருக்க மாட்டாங்க."

"நான் யாருன்னு படிவத்திலேயே எழுதிடறேங்க."

"அப்புடி எழுதீட்டீங்கன்னா பாத்துக்கலாமுங்க."

அசலை அது இருந்த கட்டோடு கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தைப் புரட்டினேன். ஆஷாவின் நீல எழுத்துக்குப் பக்கத்தில் ஓரம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. T(n) சிவப்பு. பதினாறும் எட்டும் நான்கும் சிவப்பு. இரண்டு வட்ட எட்டு. விளிம்பில் இருந்த புள்ளியும் சிவப்பு. அடிக்கப்படவில்லை.

கட்டின் மேல்தாளையும் பார்த்தேன். இருபத்தைந்து தாள் கொண்ட கட்டு. பதினொன்று வரை என் கணவர் கையெழுத்து. பன்னிரண்டிலிருந்து வேறு யாருடையதோ. வெளியேறிய நேரம் மூன்று பத்து. ஆஷாவுடையது பதினொன்றாவது.

"அன்னிக்கு நாந்தானுங்க டீ கொண்டாரச் சொன்னேன்" என்றார் குருசாமி. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேஜைக் கண்ணாடியைப் பார்த்துப் பேசினார். "சார் எந்திரிச்சு ஜன்னல்கிட்ட வந்தாருங்க. டம்ளர வாங்கல. நெஞ்சுல என்னமோ பண்ணுது, ஊட்டுக்குப் போறேன்னாரு. கதவுகிட்டப் போயித் திரும்பி, வந்து பாக்க வேண்டியிருக்குன்னாருங்க. நாளைக்கு மிச்சத்த வந்து பாக்கறாருன்னு நெனச்சுக்கிட்டனுங்க. அடுத்த நாளு விஷயம் தெரிஞ்சதும் மிச்சம் பதினாலையும் இன்னொருத்தர்கிட்டக் குடுத்துட்டோம். முடிஞ்ச பதினொண்ண யாரு பிரிச்சுப் பாப்பாங்க?"

என் கணவர் எதைச் சொன்னார் என்று எனக்கும் தெரியாது. பன்னிரண்டாவது தாளிலிருந்து பார்க்க வேண்டும் என்பதையா, பதினொன்றாவதை மறுபடி பார்க்க வேண்டும் என்பதையா? முதலில் சைபரைப் போட்டுவிட்டுக் கணக்கைப் போட்டாரா, கணக்கைப் போட்டுவிட்டு, கேட்டது இதுவல்ல என்று சைபரைப் போட்டாரா? ஒரே பேனா, ஒரே சிவப்பு. எது முன், எது பின் என்று மை சொல்லாது. புள்ளி மட்டும்தான் சொல்லிற்று, அதுவும் இன்னும் முடிவாகவில்லை என்பதை மட்டும்.

படிவத்தை எடுத்தேன். எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. நான் மதிப்பெண் போடப்போவது அவள் எழுதியதற்கா, அவர் வைத்த புள்ளிக்கா? ஓரத்தில் இருக்கும் அந்த வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அவளுடையது அல்ல. ரெக்கரன்ஸை எழுதியது மதிப்பீட்டாளர், மாணவி எழுதவில்லை. அதற்கு அவளுக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

இடது கையை விரித்து ஓரத்தின் மேல் வைத்து மறைத்தேன். கைக்கு வலது பக்கம் இருந்த நீல எழுத்தை மட்டும் மேலிருந்து படித்தேன். முதல் தடவை மனம் கைக்கு அடியிலேயே இருந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம் ஒழுங்காகப் படித்தேன்.

அல்காரிதத்துக்கு இரண்டுதான். கேட்டது மெர்ஜ் சார்ட். முதலில் இருப்பவற்றை ஒப்பிட்டு மூன்றாவது இடத்தில் சேர்ப்பதுதான் அதன் உயிர். அது அவளிடம் இல்லை. பிரித்த விதத்துக்கு இரண்டு. அதில் கை வைக்க மாட்டேன். கணக்கில், சேர்க்கும் வேலையைச் சரியாக எண்ணியிருக்கிறாள். மோசமான நிலை எது என்று சொல்லியிருக்கிறாள். படிக்குப் படி பாதியாகக் குறைவதைச் சொல்லி, கூட்டினால் எங்கே நிற்கும் என்றும் சொல்லியிருக்கிறாள். சமன்பாடாக எழுதவில்லை, வார்த்தையில் எழுதியிருக்கிறாள். தான் எழுதிய அல்காரிதத்துக்கு அவள் கண்ட விடை சரி. சமன்பாடாக எழுதாததற்கு ஒன்று குறைத்து, ஐந்துக்கு நான்கு என்று எழுதினேன். காரணத்தை ஏழு வரியில் எழுதினேன். கடைசியில், இந்தத் தாளை முதலில் மதிப்பிட்டவர் என் கணவர் என்றும், ஓரத்தில் உள்ளதை நான் கணக்கில் எடுக்கவில்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையை எடுத்தபோது எட்டு உள்ளங்கையில் ஒட்டியிருக்குமோ என்று பார்த்தேன். மை எப்போதோ காய்ந்திருந்தது.

மறுமதிப்பீடு ஈரோட்டிலிருந்து வந்த யாரோ செய்தார்கள். பெயர் தெரியாது. அவர் கணக்குக்கு மூன்று போட்டார். என்னைவிட ஒன்று குறைவு. இருபத்தேழும் மூன்றும் முப்பது. ஜூன் இருபத்தெட்டாம் தேதி ஆஷா மதிப்பெண் பட்டியலை வாங்கிக்கொண்டு துறை அறைக்கு வந்தாள். இந்த முறை உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கொறஞ்சிருந்தாலும் போயிருக்கும் மேம்."

"கொறையலையே."

"அப்பா சொல்லுதாரு, மூணு பீஸ உருவிக் குடுத்துட்டாங்க பாத்தியான்னு." சிரித்தாள். பிறகு பட்டியலை உறைக்குள் வைத்தபடியே கேட்டாள். "அந்த ஓரத்துல எழுதுனது யாரு மேம்? திருத்துனவங்கதானா?"

"ஆமா."

"அவங்களுக்கு என்னோடது சரின்னு தெரியுமா?"

"தெரிஞ்சிருந்துதுன்னுதான் நினைக்கிறேன்."

"பொறகு ஏன் சைபர் போட்டாங்க?"

வெளியே பனியன் கம்பெனி வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்.

"டீ குடிச்சுட்டு வந்து பாக்கலாம்னு இருந்தாரு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. சரி மேம் என்று தலையாட்டிவிட்டு எழுந்தாள்.